சிறு குழுவின் பதில்களை மறைப்பது எப்படி: ஊழியர் கருத்தாய்வு நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊழியர்களிடம் பெயர் கேட்காமல் கருத்தாய்வு நடத்துவதும், "உங்கள் பதில் யாருக்கும் தெரியாது" என்று படிவத்தின் தலையில் எழுதிவைப்பதும் சுலபம். பிறகு அறிக்கையில் "கணக்குப் பிரிவு, பெண்கள், 50 வயதுக்கு மேல்: 1" என்று ஒரு கட்டம் வந்தால், அந்த வாக்குறுதி அந்த இடத்திலேயே போய்விடும். அந்தப் பிரிவில் அந்த வயதில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பது கேன்டீன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட அறிக்கையை முதன்முறையாகத் தயாரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எக்செல் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் பதிலைத் தேட வருகிறவர் பெரும்பாலும் அந்நியர். அலுவலகக் கருத்தாய்விலோ அவர் பக்கத்து மேசைக்காரர், அல்லது உங்கள் மேலாளர். யார் எந்தப் பிரிவு, யார் எந்த ஆண்டு சேர்ந்தார், யார் படிவத்தை நிரப்பினார் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். பதில் ஒன்றுதான் தெரியாது.

கீழ்வரம்பை முதலில் முடிவு செய்யுங்கள்

எத்தனை பேருக்குக் குறைந்தால் எண்ணைக் காட்டக்கூடாது என்பதே கீழ்வரம்பு. அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் அரசு அமைப்பு, 1 முதல் 10 வரையான எந்த எண்ணிக்கையையும் வெளியிட அனுமதிப்பதில்லை. சாதாரண அலுவலக ஆய்வுகளில் 5 அல்லது 10 என்று வைப்பது வழக்கம். கேள்வி எவ்வளவு அந்தரங்கமானதோ அவ்வளவு உயர்த்துங்கள். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு 5 போதும். பாலியல் தொல்லை, சாதி, மனநலம் பற்றிய கேள்விகளுக்கு நான் 10-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

இரண்டு இடங்களில் இந்த வரம்பைச் சோதிக்க வேண்டும். ஒரு பிரிவில் மொத்தம் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பது ஒன்று. அது குறைவாக இருந்தால் அந்தப் பிரிவின் வரிசையே வேண்டாம். அந்தப் பிரிவுக்குள் ஒரு குறிப்பிட்ட பதிலைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று.

இதைத் தரவு கைக்கு வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு பேச ஆரம்பித்தால், "இந்தப் பிரிவு மட்டும் எனக்குத் தெரிய வேண்டும், 3 பேர் என்றாலும் பரவாயில்லை" என்று ஒரு மேலாளர் கேட்பார். எழுதிவைத்த விதி இருந்தால் மறுப்பது எளிது.

ஒரு கட்டத்தை மறைத்தால் ஏன் போதாது

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஆகவே ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். மோட்டார் பம்ப் செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 114 பேர் பதில் தந்திருக்கிறார்கள். கேள்வி: "கடந்த ஓராண்டில் மேலதிகாரி உங்களை அவமதித்துப் பேசியதுண்டா?" எண்கள் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. கீழ்வரம்பு 5.

| பிரிவு | ஆம் | இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| அலுவலகம் | 12 | 23 | 35 |
| உற்பத்தி | 15 | 31 | 46 |
| கணக்கு | 2 | 11 | 13 |
| கிடங்கு | 6 | 14 | 20 |
| மொத்தம் | 35 | 79 | 114 |

கணக்குப் பிரிவில் "ஆம்" சொன்னவர்கள் 2 பேர். அந்தக் கட்டத்தை அழித்துக் கோடு போடுகிறீர்கள். ஆனால் பக்கத்திலேயே 11 இருக்கிறது, வரிசையின் கடைசியில் 13 இருக்கிறது. கழித்தால் 2 வந்துவிடுகிறது. நீங்கள் மறைத்ததால் நடந்தது, அந்தக் கட்டத்தின் பக்கம் எல்லோருடைய கண்ணும் திரும்பியது மட்டும்தான்.

சரி, "இல்லை" கட்டத்தையும் மறைக்கிறீர்கள். இப்போது குறுக்கே கழிக்க முடியாது. மேலிருந்து கீழாகக் கழிக்கலாம். 35-லிருந்து 12, 15, 6 மூன்றையும் எடுத்தால் மறுபடியும் அதே 2.

ஆகவே இன்னொரு பிரிவின் இரண்டு கட்டங்களையும் சேர்த்து மறைத்தாக வேண்டும். அவற்றில் உள்ள எண்கள் பெரியவையாக இருக்கலாம். முதல் கட்டத்துக்குக் காவலாக அவையும் போகின்றன. இதைத் துணை மறைப்பு என்று சொல்லலாம். கிடங்குப் பிரிவை எடுத்துக்கொண்டால் அட்டவணை இப்படி ஆகும்:

| பிரிவு | ஆம் | இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| அலுவலகம் | 12 | 23 | 35 |
| உற்பத்தி | 15 | 31 | 46 |
| கணக்கு | – | – | 13 |
| கிடங்கு | – | – | 20 |
| மொத்தம் | 35 | 79 | 114 |

இனி நீங்களே ஊழியர் வேடம் போட்டு உடைத்துப் பாருங்கள். மொத்தங்களிலிருந்து தெரிவது: கணக்கும் கிடங்கும் சேர்ந்து "ஆம்" 8, "இல்லை" 25. கணக்குப் பிரிவின் "ஆம்" 0 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம், இடையில் எதுவாகவும் இருக்கலாம். எதை வைத்தாலும் மற்ற மூன்று கட்டங்களும் கணக்குக்குப் பொருந்துகின்றன. இந்த 0 முதல் 8 வரையான இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு. மறைத்த ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் இப்படி மிகக் குறைந்த எண்ணும் மிக உயர்ந்த எண்ணும் என்னவாக இருக்க முடியும் என்று கணக்கிடுங்கள். இடைவெளி 1 முதல் 3 என்று சுருங்கினால் மறைப்பு பலிக்கவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு சின்னக் குறி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சிறு எண்ணுக்காக மறைத்த கட்டத்தில் "5-க்குக் கீழ்" என்றும், துணைக்கு மறைத்ததில் வெறும் கோடும் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் 0 முதல் 8 என்பது உடனே 0 முதல் 4-க்குள் சுருங்கிவிடுகிறது. எந்தக் காரணத்துக்காக மறைத்திருந்தாலும் ஒரே குறி போடுங்கள்.

எண்ணிக்கையை மறைத்துவிட்டுச் சதவீதத்தை விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 13 பேரில் 15 சதவீதம் என்றால் 2 பேரைத் தவிர வேறு விடை கிடையாது. 1 பேர் என்றால் 8, 3 பேர் என்றால் 23. எண் போன இடத்தில் சதவீதமும், சராசரியும், அந்தக் கட்டத்துக்கான வரைபடத் தூணும் போக வேண்டும்.

மறைப்பதைவிடச் சேர்ப்பது நல்லது

மேலே உள்ள இரண்டாவது அட்டவணையை மறுபடி பாருங்கள். கணக்கையும் கிடங்கையும் ஒரே வரிசையாகச் சேர்த்து "ஆம் 8, இல்லை 25, மொத்தம் 33" என்று காட்டியிருந்தால் வாசகருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே தகவல்தான். அட்டவணை சுத்தமாக இருக்கும். யாரையோ ஒளித்த தடயமும் இருக்காது. இரண்டே பதில்கள் உள்ள கேள்விகளில் நான் பெரும்பாலும் சேர்த்துவிடுவேன். பல பதில்கள், பல பிரிவுகள் உள்ள பெரிய அட்டவணைகளில்தான் கட்டம் கட்டமாக மறைப்பதற்கு லாபம் உண்டு. அந்த அளவுக்குப் போனால் கையால் செய்ய முடியாது. `R` என்ற புள்ளியியல் நிரல் மொழியின் `sdcTable` போன்ற தொகுப்புகள் எந்தக் கட்டங்களை மறைத்தால் இழப்பு குறையும் என்று கணக்கிட்டுத் தரும்.

ஆனால் சேர்ப்பதற்கும் அர்த்தம் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவும் கிடங்கும் வேறு வேறு மேலாளர்களின் கீழ் இருந்தால் அந்த 8 யாருக்கும் உதவாது. "நிர்வாகம் சார்ந்த பிரிவுகள்", "தளம் சார்ந்த பிரிவுகள்" என்று கேள்வித்தாள் தயாரிக்கும்போதே குழுக்களை யோசித்துவையுங்கள்.

சிறுபான்மைக் குழுக்கள் விஷயத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஊழியர்கள் 4 பேர் என்றால், கீழ்வரம்பு அவர்களை ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையிலிருந்து துடைத்துவிடும். பாதுகாக்கப் போய் அவர்கள் குரலையே காணாமல் ஆக்கிவிடுகிறோம். பிரிவு வாரியாகப் பிரிக்காமல் எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுப்பது, இரண்டு மூன்று ஆண்டுப் பதில்களைத் திரட்டிக் கொடுப்பது, அவர்களுடைய சம்மதத்தோடு நேரில் பேசி எழுதுவது என்று வழிகள் உண்டு. அந்த வரிசையை அப்படியே நீக்கிவிட்டுக் கைகழுவாதீர்கள்.

வட்டமாக்குவது மூன்றாவது வழி. கனடாவின் புள்ளியியல் துறை கணக்கெடுப்பு எண்களை 5-இன் மடங்காகவும், நியூசிலாந்துத் துறை 3-இன் மடங்காகவும், மேலேயா கீழேயா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து மாற்றுகின்றன. இந்த வழியில் மொத்தங்களும் தனியாக வட்டமாக்கப்படுவதால் கூட்டிப் பார்த்தால் சரியாக வராது. அதை அப்படியே விடுங்கள். அடிக்குறிப்பு ஒன்று போதும். யாராவது நல்லெண்ணத்தில் "கூட்டல் பிழை" என்று திருத்தி உண்மையான மொத்தத்தைப் போட்டால் கழித்தல் கதவு மறுபடியும் திறந்துகொள்ளும்.

பூஜ்யமும் முழு எண்ணிக்கையும்

விதிகள் சிறு எண்களைத்தான் பிடிக்கும். பெரிய எண்ணும் காட்டிக்கொடுக்கும். கணக்குப் பிரிவின் 13 பேரும் "ஆம்" என்று சொல்லியிருந்தால், 13 என்பது வரம்புக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் யாரைக் காட்டினாலும் அவர் பதில் நமக்குத் தெரியும். தனியாள் யார் என்று தேடவே வேண்டியதில்லை.

12 பேர் "ஆம்", ஒருவர் "இல்லை" என்றாலும் கதை அதேதான். அந்த ஒருவர் அறிக்கையைப் பார்த்த கணத்திலேயே மற்ற 12 பேரும் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்கிறார். அவர் மேலாளருக்கு வேண்டியவராக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தரங்கமான கேள்விகளில் ஒரு குழுவின் பதில் ஏறக்குறைய முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், சரியான எண்ணுக்குப் பதிலாக "பத்தில் ஒன்பது பேருக்கு மேல்" என்று நிறுத்திக்கொள்ளலாம். அல்லது அந்தக் குழுவைப் பெரிய குழுவோடு சேர்க்கலாம்.

இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே

ஒவ்வோர் அட்டவணையும் தனியாகப் பாதுகாப்பாக இருந்தும் இரண்டை அருகருகே வைத்தால் கசியும். கடைசித் தேதி முடிந்ததும் ஒரு பிரிவின் 12 பேருடைய பதிலை வைத்து "திருப்தி: 5-க்கு 3.5" என்று அறிக்கை போகிறது. விடுப்பில் இருந்த ஒருவர் திரும்பி வந்து படிவத்தை நிரப்புகிறார். திருத்திய அறிக்கையில் 13 பேர், 3.3. முதலாவதில் மொத்த மதிப்பெண் 12 × 3.5 = 42. இரண்டாவதில் 13 × 3.3 = 42.9, மதிப்பெண்கள் முழு எண்கள் என்பதால் 43. வந்தவர் கொடுத்தது 1. விடுப்பு முடிந்து யார் திரும்பினார் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாமதமாக வரும் பதில்களை ஒன்றிரண்டாகச் சேர்த்துத் திருத்திய அறிக்கை வெளியிடாதீர்கள். அடுத்த சுற்றுக்கு விடுங்கள், அல்லது முழு நிறுவன எண்ணில் மட்டும் சேருங்கள்.

தேர்வு செய்து பார்க்கும் டாஷ்போர்டு தரும் நிறுவனங்களில் இது தினசரிப் பிரச்சினை. "நிரந்தர ஊழியர்கள்" என்று தேர்ந்தெடுத்தால் 112 பேர் வருகிறார்கள். 112 எந்த வரம்பையும் தாண்டிய எண். ஆனால் மொத்தம் 114 என்பதால் மீதி 2 பேரின் பதிலும் கழித்தலில் வந்துவிடும். எனவே தேர்ந்தெடுத்த குழுவுக்குப் போலவே விட்டுப்போன குழுவுக்கும் கீழ்வரம்பைச் சோதிக்கும்படி டாஷ்போர்டு செய்பவரிடம் சொல்லுங்கள். அது முடியாது என்றால், ஒரே நேரத்தில் ஒரு வடிகட்டிக்கு மேல் அனுமதிக்காதீர்கள். என்னைக் கேட்டால், எந்தெந்த அட்டவணைகள் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றை மட்டும் வெளியிடுவதே நிம்மதி.

மூலக் கோப்பைத் தர வேண்டியிருந்தால்

அட்டவணை இல்லாமல் தனித்தனிப் பதில்கள் கொண்ட கோப்பையே வெளி ஆலோசகருக்கோ ஆய்வாளருக்கோ தர வேண்டிய நிலை வரலாம். பெயர், ஊழியர் எண், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகிய பத்திகளை நீக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இணையப் படிவம் தானாகச் சேர்க்கும் `IP` முகவரி, சமர்ப்பித்த நேரம் ஆகியவற்றைத்தான் மறந்துவிடுகிறார்கள். நேரப் பத்தியை நீக்கினாலும் வரிசைகள் சமர்ப்பித்த வரிசையிலேயே நிற்கும். முதலில் நிரப்பியவர் யார் என்று தெரிந்தால் முதல் வரிசை அவருடையது. வரிசைகளைக் குலுக்கிவிட்டு, அதன் பிறகு 1, 2, 3 என்று புதிய எண் கொடுங்கள்.

கைபேசி எண்ணை ஹாஷ் செய்து குழப்பமான எழுத்துச் சரமாக மாற்றினால் போதும் என்று சில கணினிக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2014-இல் நியூயார்க் நகர டாக்சிப் பயணத் தரவு வெளியானபோது வண்டி எண்களை இப்படித்தான் ஹாஷ் செய்திருந்தார்கள். இருக்கக்கூடிய வண்டி எண்கள் குறைவு என்பதால், எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு உண்மையான எண்களைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். நம்முடைய 10 இலக்கக் கைபேசி எண்களுக்கும் அதே கதி. அடுத்த ஆண்டுப் பதிலோடு இணைக்க வேண்டும் என்றால் குலுக்கலில் எடுத்த எண் ஒன்றைக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வேறொருவரிடம் பூட்டிவையுங்கள். இணைக்கத் தேவையில்லை என்றால் அந்தப் பட்டியலே வேண்டாம்.

அடுத்தது, தனியாகப் பார்த்தால் யாரையும் காட்டாமல், சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் விவரங்கள். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தது. லத்தானியா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தி, அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே கண்டெடுத்தார். உங்கள் ஆலையில் வாக்காளர் பட்டியலின் வேலையைச் சக ஊழியரின் ஞாபகமே செய்துவிடும்.

உங்கள் கோப்பில் பிரிவு, பாலினம், வயது, பணி ஆண்டுகள் ஆகியவை `A` முதல் `D` வரையான பத்திகளில் இருந்தால், ஒரு புதிய பத்தியில் இதை எழுதிக் கீழே வரைக்கும் இழுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2,D:D,D2)
```

அதே நான்கு விவரங்களும் கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வரிசைக்கும் இது சொல்லும். 1 என்று வந்தால் அவர் தனியாள். காலிக் கட்டங்களை இது சரியாக எண்ணாது. முதலில் அவற்றில் "தரவில்லை" என்று நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் கோப்பில் பாதிக்கு மேல் 1 என்று வந்தால் திகைக்க வேண்டாம். வயதைச் சரியான எண்ணாக வைத்திருந்தால் அப்படித்தான் வரும்.

இப்போது பருமனாக்குங்கள். வயதை 35-க்குக் கீழ், 35–49, 50-உம் அதற்கு மேலும் என்று மூன்றாக்குங்கள். பணி ஆண்டுகளை 3-க்குக் கீழ், 3–9, 10-உம் அதற்கு மேலும் என்று ஆக்குங்கள். 31 ஆண்டு பணி செய்த ஒரே ஆள் "10-உம் அதற்கு மேலும்" என்பதில் கரைந்துவிடுவார். மறுபடி எண்ணுங்கள். 5-க்குக் கீழே இன்னும் சில வரிசைகள் மிஞ்சும். அவர்களுக்காக எல்லோருடைய வயதையும் அழிக்காமல், அந்த வரிசைகளில் மட்டும் வயதையோ பாலினத்தையோ "தரவில்லை" என்று மாற்றுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் எண்ண வேண்டும். "தரவில்லை" என்று மாறியவர்கள் போய்ச் சேர்ந்த புதிய குழுவிலும் 5 பேர் இல்லாமல் இருக்கலாம்.

எழுத்தில் வந்த பதில்கள்

"வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற கடைசிக் கேள்விதான் மிகவும் ஆபத்தானது. "இரண்டாவது பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள்" என்று ஒருவர் எழுதினால் எந்தக் கீழ்வரம்பும் அவரைக் காப்பாற்றாது. விவரமே இல்லாவிட்டாலும் நடை காட்டிக்கொடுக்கும். எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியிருக்க ஒருவர் மட்டும் தமிழில் எழுதியிருப்பார். அல்லது நெல்லைத் தமிழில் "அவிய சொல்லுதாவ" என்று வரும். பிரிவில் நெல்லைக்காரர் ஒருவர்தான்.

எழுத்துப் பதில்களைப் பிரிவு, பாலினம் எதனோடும் ஒட்டி வெளியிடாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளாகப் போடுவதைவிட, "குழந்தைப் பேறு விடுப்புக்குப் பிறகு பணி நேரம் மாற்றப்பட்டதாகப் புகார் உண்டு" என்று உங்கள் வார்த்தையில் எழுதுவது பாதுகாப்பானது. அதே புகாரைப் பலர் சொல்லியிருந்தால் மட்டும் அதையும் செய்யுங்கள். ஒருவரே சொன்னது என்றால், அவர் அனுமதி இல்லாமல் அது அறிக்கைக்கு வரக்கூடாது. அவசரமான புகாராக இருந்தால் அதற்கென்று உள்ள புகார் வழியை எல்லோருக்கும் மறுபடி அறிவியுங்கள். எழுதியவர் யார் என்று துருவிக்கொண்டு போகாதீர்கள்.

அனுப்பும் முன்

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கோப்பின் வழியாகக் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். எக்செல் பிவட் அட்டவணை தன் வயிற்றுக்குள் மூலத் தரவின் நகலை வைத்திருக்கும். மூலத் தாளை நீக்கியிருந்தாலும், ஓர் எண்ணின் மீது இருமுறை சொடுக்கினால் அதற்குப் பின்னால் உள்ள பதில்கள் புதிய தாளில் வந்து விழும். எக்செல்லிலிருந்து பவர்பாயின்ட்டில் ஒட்டிய வரைபடம், ஒட்டிய விதத்தைப் பொறுத்து, முழுப் பணிப்புத்தகத்தையும் உடன் கொண்டுபோகும். மறைத்த பத்தி ஒரு சொடுக்கில் திரும்பி வரும். வெள்ளை எழுத்தில் மாற்றிய எண்ணைச் சுட்டியால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே அட்டவணைகளைப் புதிய காலிக் கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டுங்கள். வரைபடங்களைப் படமாக ஒட்டுங்கள். பிறகு அந்த நிறுவனத்தை நன்றாக அறிந்த, ஆனால் மூலத் தரவைப் பார்க்காத ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். கழித்தும் கூட்டியும் யாருடைய பதிலையாவது சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால், அது சரியா தவறா என்று உங்கள் முகம்கூடச் சொல்லக்கூடாது. எந்த அட்டவணையிலிருந்து அதைப் பிடித்தார் என்று மட்டும் கேட்டு, அந்த அட்டவணையை மறுபடி எடுங்கள்.